குளித்த நீர் ஃபிளஷ் தொட்டிக்கு வரும் வழி

குளியலறை ஷவரிலிருந்தும் கைகழுவும் தொட்டியிலிருந்தும் வடியும் நீருக்குச் சாம்பல் நீர் என்று பெயர். கழிப்பறைக் கழிவு இதில் சேராது. எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்பதால் சமையலறை நீரையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஓட்டல்களில் இந்த நீர் ஏராளமாகக் கிடைக்கிறது. அதைச் சுத்திகரித்துக் கழிப்பறை ஃபிளஷுக்கே திருப்பிவிட்டால், அந்த அளவுக்கு லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ மிச்சமாகும்.

சென்னையில் ஆறு மாடிகள், மாடிக்குப் பத்து அறைகள் என 60 அறைகள் கொண்ட ஓர் ஓட்டலை வைத்துக் கணக்கிடலாம். சராசரியாக 70 சதவீத அறைகள் நிரம்பி, அறைக்கு 1.8 பேர் தங்கினால் தினமும் ஏறக்குறைய 75 விருந்தினர் இருப்பார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ஷவரில் ஒருவர் ஏழு நிமிடம் குளித்தால் 70 லிட்டர் ஆகும். முகம் கழுவவும் பல் துலக்கவும் 15 லிட்டர் சேர்த்தால் தலைக்கு 85 லிட்டர். மொத்தம் 6,400 லிட்டர் சாம்பல் நீர் கிடைக்கும்.

இந்த எண்ணை வைத்தே இயந்திரத்தின் அளவை முடிவு செய்வது பலரும் செய்யும் தவறு. எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு தேவை என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு விருந்தினர் நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு 6 லிட்டர் ஃபிளஷ் செய்தால் 30 லிட்டர். 75 பேருக்கு 2,250 லிட்டர். 40 ஊழியர்கள் மும்மூன்று முறை பயன்படுத்தினால் இன்னொரு 720 லிட்டர். ஆகத் தேவை சுமார் 3,000 லிட்டர்தான். எல்லா அறைகளும் நிரம்பிய நாளில்கூட இது 4,000 லிட்டரைத் தாண்டாது. வடிகட்டிகளைக் கழுவ ஆகும் நீரையும் சேர்த்துப் பார்த்தால் தினம் 5,000 லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் தாராளமாகப் போதும். மேல் நான்கு மாடிகளின் குளியலறைகளிலிருந்து மட்டும் நீரைச் சேகரித்தாலே தேவை நிறைவேறிவிடும். கீழ் இரண்டு மாடிகளில் தனி வடிகுழாய் போடும் செலவு மிச்சம். கூட்டம் குறைந்த நாட்களில் விருந்தினரை மேல்மாடிகளிலேயே தங்கவைப்பது நல்லது.

இந்த நீர் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. பாதிக்கு மேற்பட்டது காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் ஒரே மூச்சில் வந்துவிடும். இயந்திரமோ மணிக்கு 250 லிட்டர் என்ற நிதானத்தில்தான் வேலை செய்யும். அதனால் முதலில் முடியையும் நூலையும் பிடிக்கும் சல்லடை, அதற்கு அடுத்து 2,500 லிட்டர் கொள்ளும் சமன்தொட்டி. தொட்டி நிரம்பினால் மிகுதி நீர் தானாகவே கழிவுநீர்க் குழாய்க்குப் போக வழி இருக்க வேண்டும். சுத்திகரிக்காத சாம்பல் நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு நீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழும். இதைத் தவிர்க்கத் தொட்டியின் அடியில் காற்று ஊதிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது உயிரியல் கட்டம். சிறு பிளாஸ்டிக் வளையங்கள் மிதக்கும் தொட்டியில், அவற்றின் மேல் படலமாக வளரும் பாக்டீரியாக்கள் சோப்பையும் உடல் அழுக்கையும் தின்று தீர்க்கும். இந்தப் படலம் உருவாகவே இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அதைக் கெடுக்க ஒரே நாள் போதும். குளியலறையைக் கழுவும் ஊழியர் பிளீச்சிங் திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் அது நேரே இங்கே வந்து பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். வளையங்களின் மேலிருந்த பழுப்புப் படலம் உரிந்து, நீர் கலங்கி, நுரை பொங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே அறைப் பராமரிப்புப் பிரிவினருக்கும் இந்த நிலையத்தின் நலனில் நேரடிப் பங்கு உண்டு.

அதிலிருந்து வரும் நீர் படிவுத் தொட்டியில் தெளிந்து, மணல் வடிகட்டியையும் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சும் கரி வடிகட்டியையும் கடக்கும். கடைசியில் புறஊதா விளக்கும் குளோரினும் கிருமிகளைக் கொல்லும். நீர் கலங்கலாக இருந்தால் புறஊதாக் கதிர் உள்ளே ஊடுருவாது. எனவே தெளிவு முதலில், கிருமிநீக்கம் பிறகு என்ற வரிசையை மாற்றவே கூடாது. புறஊதா விளக்கின் வேலை அந்த இடத்தோடு முடிந்துவிடும். குழாயிலும் தொட்டியிலும் மறுபடி கிருமி முளைக்காமல் காப்பது எஞ்சியிருக்கும் குளோரின்தான். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவாவது அது இருக்கிறதா என்று, மிகத் தொலைவிலுள்ள ஃபிளஷ் தொட்டியில் பார்க்க வேண்டும்.

சுத்திகரித்த நீரையும் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. ஒரு நாள் தேவைக்கே சேமிப்பது நல்லது. இரண்டு நாளே மேல் எல்லை. கீழே 2,000 லிட்டர், மாடியில் 1,000 லிட்டர் என்று இரண்டு தொட்டிகள் வைத்தால் சாதாரண நாளில் நீர் அன்றன்றே தீர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு அறைகள் மட்டும் நிரம்பும் மாதத்தில் அதே 3,000 லிட்டர் ஏறக்குறைய இரண்டு நாள் தங்கிவிடும். அப்போது மிதவையைத் தாழ்த்திக் குறைவாக நிரப்ப வேண்டும்.

நிலையம் பழுதானால் நல்ல தண்ணீரை இந்தத் தொட்டிக்கு விடுவார்கள். அந்தக் குழாயின் வாய், தொட்டியின் வழிமட்டத்துக்கு மேல் குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்காவது உயரத்தில் திறந்தவெளியாக நிற்க வேண்டும். வால்வை மட்டும் நம்பி இரண்டு குழாய்களையும் நேராக இணைத்தால், வால்வு கசியும் நாளில் இரண்டு நீரும் கலந்துவிடும்.

மற்ற எதையும்விட அஞ்சவேண்டியது இந்தக் கலப்பைத்தான். நெதர்லாந்தின் லைட்ஷ ரைன் குடியிருப்பில் ஃபிளஷுக்கான இரண்டாந்தர நீர்க்குழாய் 2001 டிசம்பரில் குடிநீர்க் குழாயோடு தவறாக இணைந்து, பலர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். அதன் பிறகு பெரிய குடியிருப்புகளில் இத்தகைய இரட்டைக் குழாய் முறையையே அந்த நாடு தடை செய்தது.

நம் ஓட்டல்களில் கலப்பு நேர்வதற்கு வாய்ப்பான இடம் கழிப்பறைச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஒரே ஆங்கிள் காக்கில் இரண்டு வாய்கள்: ஒன்று ஃபிளஷ் தொட்டிக்கு, மற்றது ஹெல்த் ஃபாசெட்டுக்கு. சுவருக்குள் மறுசுழற்சிக் குழாயை மிகச் சரியாகப் பதித்தும், கடைசியில் பிளம்பர் வழக்கப்படி இந்த இருவாய் வால்வை மாட்டிவிட்டால், உடலைக் கழுவும் நீராக அதுவே வரும். ஹெல்த் ஃபாசெட் எப்போதும் நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்தே வர வேண்டும். அதற்குத் தனி வால்வு, ஃபிளஷ் தொட்டிக்குத் தனி வால்வு. இருவாய் வால்வைக் கட்டுமான இடத்துக்குள்ளேயே விடாமல் இருப்பதே நல்லது. மறுசுழற்சிக் குழாய்க்கு ஊதா நிறமும், ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற எழுத்தும் வேண்டும்.

சோதனையை இரு திசைகளிலும் செய்ய வேண்டும். நல்ல தண்ணீரின் முதன்மை வால்வை மூடி, குழாயை முழுக்க வடித்துவிட்டு, மறுசுழற்சிக் குழாயில் மட்டும் அழுத்தம் வைத்து, எல்லா அறைகளின் ஷவர், கைகழுவும் குழாய், ஹெல்த் ஃபாசெட் ஆகியவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். வடிந்து முடிந்த பிறகும் நீர் வரும் குழாய் எங்கோ இணைந்திருக்கிறது. பிறகு மறுசுழற்சிக் குழாயை வடித்து, நல்ல தண்ணீரில் அழுத்தம் வைத்து ஃபிளஷ் தொட்டிகள் நிரம்புகின்றனவா என்று பார்க்க வேண்டும், நிரம்பக் கூடாது. சந்தேகம் மிஞ்சினால், மறுசுழற்சித் தொட்டியில் உணவு நிறமி கலந்து, எந்தக் குழாயில் நிறம் வருகிறது என்று கண்டறியலாம்.

கட்டி முடித்த அன்று எல்லாம் சரியாக இருந்த ஓட்டலில், மூன்றாம் ஆண்டு ஒரே ஒரு குளியலறையைப் புதுப்பிக்கும்போது கலப்பு நேரலாம். ஆகவே இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையும், குளியலறைக் குழாயில் கைவைத்த ஒவ்வொரு முறையும் விருந்தினரை அந்த அறைக்குள் விடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.