முதல் வரியிலேயே தேதி

அபாகஸ், கையெழுத்து வகுப்பு விளம்பரம் பெரும்பாலும் ஒரு படமாகத்தான் வரும். மணிச்சட்டத்தை வைத்துக்கொண்டு சிரிக்கும் குழந்தை, அதன் கீழே கேப்ஷன் எனப்படும் சில வரிகள். அந்த வரிகளைப் படிப்பது குழந்தை அல்ல, தாயோ தந்தையோ. பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா, பள்ளி விட்டு வந்தபின் போக முடியுமா, எவ்வளவு ஆகும் என்பவைதான் அவர்கள் தேடும் விவரங்கள். பல கேப்ஷன்களோ 'மூளையைக் கூர்மையாக்கும்' என்று தொடங்கி, நேரத்தையும் கட்டணத்தையும் 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்பதோடு முடித்துவிடுகின்றன.

இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் படத்தின் கீழ் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே தெரியும். மிச்சம் தட்டினால்தான் விரியும். தமிழில் இந்த இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். 'பிள்ளை' நம் கணக்கில் மூன்று எழுத்து, கணினியின் கணக்கில் ஆறு. ஆகவே வயது, தேதி, நேரம், 'இலவசம்' ஆகிய நான்கும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

சோதனை வாரத்தில் என்ன நடக்கும் என்று எழுதும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 'ஒரே வாரத்தில் கால்குலேட்டரை வெல்லும் குழந்தை' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. வகுப்புகளில் புழங்கும் அபாகஸில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல் மணியின் மதிப்பு 5, கீழ் மணி ஒவ்வொன்றும் 1. 2-உடன் 1-ஐக் கூட்டுவது எளிது, இன்னொரு கீழ் மணியை ஏற்றினால் போதும். 4-உடன் 3-ஐக் கூட்டக் கீழே மணி மீதம் இல்லை. மேல் மணியை இறக்கி, கீழ் மணி இரண்டை விலக்க வேண்டும். 5 கூட்டி 2 கழித்தால் 3 கூட்டியதாகிறது. நேரடிக் கூட்டல் கை பழகிய பிறகே இது வரும். மணிகளை மனத்தில் பார்த்துக் கணக்கிடுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. கையெழுத்தும் அப்படித்தான். ஐந்து நாளில் உட்காரும் விதமும் பென்சில் பிடிக்கும் விதமும் திருந்தத் தொடங்கும், எழுத்து அழகாகிவிடாது.

'இலவசம்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இலவசம் என்று சொல்வதற்கும் விதிகள் உள்ளன. வகுப்பு இலவசம் என்று எழுதிவிட்டு, வந்தவரிடம் பதிவுக் கட்டணம் கேட்டால் அது இலவசம் ஆகாது.

இவற்றைக் கணக்கில் கொண்டு ஒரு சிறு வகுப்புக்கான கேப்ஷனை இப்படி எழுதலாம்:

'6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு அபாகஸ், கையெழுத்து. ஜூன் 8–12, மாலை 5.30–6.30. ஐந்து நாளும் இலவசம்.
இந்த வாரத்தில் மணிகளை நகர்த்திச் சின்னக் கூட்டல்களைப் போட்டுப் பார்ப்பார்கள். பென்சில் பிடிக்கவும் நான்கு கோடு நோட்டில் எழுதவும் பழகுவார்கள்.
அபாகஸ் நாங்கள் தருகிறோம். நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.
முதல் நாள் நீங்களும் உடன் இருந்து பார்க்கலாம்.
பிடித்திருந்தால் வாரம் 2 நாள், மாதம் 800 ரூபாய். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.
ஒரு பிரிவில் 10 பிள்ளைகள் மட்டும். பிள்ளையின் வயதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.'

பெற்றோருக்கு இதில் மிகவும் பிடிப்பது அந்த 'காரணம் சொல்ல வேண்டியதில்லை'யாகத்தான் இருக்கும். சோதனை வாரம் முடிந்ததும் தொலைபேசியில் நச்சரிப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அதேபோல 'உங்கள் பிள்ளை கணக்கில் பின்தங்கிவிட்டதா?' என்று தொடங்காமல் இருப்பதும் நல்லது. அந்தக் கேள்வி பெற்றோரைக் குத்தும். படிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதையும் குத்தும். 'இடங்கள் வேகமாக நிரம்புகின்றன' என்பதைவிட 'ஒரு பிரிவில் 10 பேர்' என்பது மேல். அவசரப்படுத்தாமலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

படத்தில் இருப்பது வகுப்புக்கு வரும் பிள்ளை என்றால், வெளியிடும் முன் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால் மணிமேல் இருக்கும் இரண்டு விரல்கள் போதும்.

கேப்ஷனில் என்ன குறை என்பதை அதைப் பார்த்து வரும் கேள்விகளே காட்டிக்கொடுக்கும். நான்கு பேர் தொடர்ந்து 'ஃபீஸ் எவ்வளவு?' என்று கேட்டால் கட்டணம் கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். 'எல்.கே.ஜி. பிள்ளையைச் சேர்க்கலாமா?' என்று கேட்டால் வயது தெளிவாக இல்லை. இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்த முடியும். படத்தை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை.