சீட்டு சொன்ன உண்மை

கொதிநீர் ஊற்றினால் காபி தயார், நேரம் மிச்சம்: நெஸ்கபேயைத் தயாரித்தவர்களின் எண்ணம் இதுதான். வாங்காத பெண்களோ "சுவை பிடிக்கவில்லை" என்றார்கள். அமெரிக்க உளவியலாளர் மேசன் ஹேர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 1950இல் வெளியான அவரது ஆய்வில் இரண்டு மளிகைச் சீட்டுகள். ஒன்றில் நெஸ்கபே, மற்றதில் வடிகட்டும் காபித்தூள், மீதியெல்லாம் ஒன்றே. ஒருவருக்கு ஒரு சீட்டை மட்டும் காட்டி, "இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள்?" என்று கேட்டார். நெஸ்கபே சீட்டைப் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சோம்பேறி என்றார்கள். கம்பெனி வசதி என்று விற்றது, வீட்டில் அவப்பெயராகிவிட்டது!

உங்கள் கடைக்கும் இதைச் செய்யலாம். "இங்கே வாங்குபவர் எப்படிப்பட்டவர்?" என்று ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் தனித்தனியே எழுதச் சொல்லி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாளியே எதிரில் நின்று கேட்டால் மரியாதைப் பதில்தான் வரும்.