அரைமண்டி கலையாமல் ஒரு வெண்கலச் சிலை

பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் அரைமண்டியில் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. வலது கை கேமராவை நோக்கி நீண்டு முத்திரை பிடித்திருக்கிறது. இதே நிலையில் ஒரு வெண்கலச் சிலையின் படம் வேண்டும். 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' போன்ற மென்பொருளுக்கு இதை வார்த்தையில் எவ்வளவு விளக்கினாலும் முழங்கால் நிமிர்ந்துவிடும், கை வேறெங்கோ போய்விடும். உடல் நிற்கும் விதத்தைச் சொல்லில் அடக்குவது அவ்வளவு கடினம்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட 'கன்ட்ரோல்நெட்' இதற்கு நல்ல வழி காட்டியது. ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலை அது தொடுவதில்லை. அதன் ஒரு பகுதியை நகலெடுத்து, வழிகாட்டி வரைபடத்தைப் படிக்க அந்த நகலுக்கு மட்டும் பயிற்சி தருகிறது. படம் உருவாகும்போது நகல் சொல்வது மூல மாடலின் கணக்கோடு சேர்ந்துகொள்கிறது.

முதலில் விளிம்பு வரைபடம். ஜான் கேனி 1986-இல் தந்த முறைப்படி, வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்கள் கறுப்பில் வெள்ளைக் கோடுகளாகின்றன. விரல்கள் துல்லியமாக வந்துவிடும். ஆனால் பட்டுச்சேலையின் ஜரிகையும் பின்னால் உள்ள தூணின் செதுக்கலும் கூடவே வந்து, சிலையின் மேல் கீறல்களாகப் பதியும். வரம்பு எண்களை (பெரும்பாலும் 100, 200 என இருக்கும்) உயர்த்தினால் மெல்லிய கோடுகள் உதிரும். அளவு மீறினால் விரல்களும் போய்விடும். இன்னொரு குறை, நீட்டிய கை முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்பதைக் கோடு சொல்லாது.

அதைச் சொல்வது ஆழ வரைபடம். அருகில் இருப்பது வெளுப்பாகவும் தள்ளி இருப்பது கறுப்பாகவும் தெரியும். ஜரிகை இதில் மறைந்துவிடும், கை முன்னுக்கு வரும். விரல்கள்தான் ஒன்றாகக் குழைந்து கையுறை போட்டதுபோல் ஆகிவிடும்.

ஆகவே இரண்டையும் சேர்ப்பதே என் தேர்வு. ஆழத்துக்கு 0.8 வலு கொடுத்துக் கடைசிவரை விடலாம். விளிம்புக்கு 0.5 கொடுத்து, பாதி வழியில் நிறுத்திவிடலாம். உடலின் அமைப்பு தொடக்கப் படிகளிலேயே முடிவாகிவிடுகிறது. மேற்பரப்பின் நுணுக்கம் பிற்பாடுதான் வரும். அந்தக் கட்டத்தில் கோடு விலகினால்தான் வெண்கலத்தின் மெருகு இயல்பாக அமையும். இந்த எண்கள் தொடக்கத்துக்குத்தான்; படத்துக்குப் படம் மாற்ற வேண்டியிருக்கும்.

நிலை மாறவில்லை என்பதைக் கண்ணளவில் நம்ப வேண்டாம். கோட்டு வரைபடத்தைப் பாதி ஒளிபுகும்படி புதிய படத்தின்மேல் வைத்தால், முழங்காலும் மணிக்கட்டும் விலகியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அதே அரைமண்டியில் ஒரு சிறுமியின் சிலை வேண்டுமென்றால் இந்த இரண்டும் உதவாது. வளர்ந்த உடலின் பருமனையும் இவை பிடித்து வைத்திருக்கின்றன. அப்போது மூட்டுகளின் இடத்தை மட்டும் குறிக்கும் 'ஓப்பன்போஸ்' எலும்புக்கூட்டு வரைபடத்துக்கு மாற வேண்டும். அதிலும் மூட்டுகளின் இடைவெளியைச் சிறுமியின் உயரத்துக்கு ஏற்பக் கையால் குறைத்த பிறகுதான் பயன்படும்.