ஒரே புத்தகம், ரெண்டு பெயர்... நூற்பட்டியல்ல மாட்டிக்காதீங்க!

'தாமிரபரணித் தண்ணீர் யார் கட்டுப்பாட்டில் இருந்தது?' இதுதான் உங்க காலேஜ் புராஜெக்ட் தலைப்புன்னு வெச்சுக்குவோம். கைடு முதலில் கேட்பது 'அன்னோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி'. அதாவது, குறிப்புரையோடு கூடிய நூற்பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் விவரம், சுருக்கம், மதிப்பீடு என மூணு பகுதி.

விவரத்தில்தான் பலரும் சறுக்குறாங்க. ஒரு இடத்தில் 'ராபர்ட் கால்டுவெல்', இன்னொரு இடத்தில் 'பிஷப் கால்டுவெல்' எனப் போட்டால், அகரவரிசையில் அடுக்கும்போது ஒரே ஆள் ரெண்டு பேர் ஆகிடுவார். 'கால்டுவெல், ராபர்ட்' என ஒரே முறையை முடிவு பண்ணிடுங்க. தலைப்பையும் அட்டையில் இருக்கிறபடியே எழுதணும். அவர் 1881-ல் வெளியிட்ட மாவட்ட வரலாற்றின் தலைப்பில் இருப்பது Tinnevelly. நீங்க அதை இன்றைய ஸ்பெல்லிங்குக்கு மாற்றினால், நூலகத் தேடலில் புத்தகம் கிடைக்காமல் போகலாம்.

பெரிய பள்ளம் டேவிட் லட்டன் விஷயத்தில் இருக்கு. 1985-ல் வந்த அவருடைய 'பெசன்ட் ஹிஸ்டரி இன் சவுத் இந்தியா'வின் இரண்டாம் பதிப்பு, 2005-ல் 'ஏர்லி கேப்பிடலிசம் அண்ட் லோக்கல் ஹிஸ்டரி இன் சவுத் இந்தியா' என்ற வேற பெயரில் வந்தது. முன்னுரையைப் புரட்டாதவங்க ரெண்டையும் தனித்தனி நூலாகச் சேர்த்துடுவாங்க. ஒரே பதிவு போட்டு, மற்ற பெயரை அதன் கீழேயே குறிச்சுடுங்க.

சுருக்கத்துக்கு 30, 35 சொற்கள்னு வெச்சுக்கலாம். பிடிச்ச நூலுக்கு ஒரு பக்கம், பிடிக்காததுக்கு ஒரு வரின்னு போனால் ஒப்பிடவே முடியாது. லட்டனுக்கு இப்படி எழுதலாம்:

'திருநெல்வேலிப் பகுதியை நன்செய், புன்செய், இரண்டும் கலந்த நிலம் எனப் பிரித்துப் பார்க்கிறது. சுமார் கி.பி. 900 முதல் 1900 வரை நிலமும் பாசன நீரும் யார் கைக்கு எப்படிப் போனது, அதில் கோயில், சாதி, அரசு என்ன பங்கு வகித்தன என்று விளக்குகிறது.'

கவனிச்சீங்களா, இதில் 'அருமை', 'ஆழமான ஆய்வு' எதுவும் இல்லை. உங்க கருத்து மதிப்பீட்டில்தான் வரணும்: 'என் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 20-ம் நூற்றாண்டுப் பாசனத்துக்கு வேறு நூல் தேவை.'

இதே அளவுகோலால் மற்றவற்றையும் பாருங்க. ஹெச்.ஆர்.பேட் 1917-ல் எழுதிய மாவட்ட கெசட்டியரில் அணைக்கட்டு, கால்வாய் பற்றிய தகவல்கள் இருக்கு. ஆனால், எழுதினவர் ஆங்கிலேய அரசு அதிகாரி. பாசனத்தை வரி வாங்குகிற பக்கத்திலிருந்து பார்ப்பார். அதை மதிப்பீட்டில் சொல்லியாகணும். கால்டுவெல் நூலோ பாண்டியர், நாயக்கர், பாளையக்காரர் என அரசியல் பேசி 1801-ல் முடியுது. 'பின்னணிக்கு மட்டும்' எனக் குறிச்சால் போதும்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை. தலைப்புகளைக் கையால் மறைச்சுட்டு மதிப்பீடுகளை மட்டும் படிங்க. எந்தக் குறிப்பு எந்த நூலுக்குன்னு கண்டுபிடிக்க முடியலையா? அந்தக் குறிப்பை அழிச்சுட்டு, புத்தகத்தை இன்னொரு தடவை திறங்க.