நீலம் மங்காமல், வால் வெட்டுப்படாமல்

திரையில் மின்னிய நீலம் அச்சில் சாம்பல் பூத்து வருகிறது. பறவையின் முகத்தில் பாதி நடுமடிப்புக்குள் போய்விடுகிறது. பக்க ஓரத்தில் நூலிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கிறது. படங்கள் நிறைந்த புத்தகம் போட்டவர்கள் அச்சகத்தைக் குறைசொல்லும்போது இந்த மூன்றும் அடிக்கடி வரும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஃபைல் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே, வடிவமைப்பாளரின் கணினியில் முடிவாகிவிட்டவை.

ஒரே ஒரு படத்தை வைத்து இதைப் பார்க்கலாம். நம் ஊர் ஏரிப் பறவைகள் பற்றி ஒரு புத்தகம். பக்க அளவு 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம். தாள், ஆர்ட் பேப்பர். வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று கிளையில் உட்கார்ந்திருக்கும் படத்தை எதிரெதிர் இரண்டு பக்கங்களிலும் விரித்துப் போட வேண்டும். படம் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது. அதாவது 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம்.

300 எங்கிருந்து வந்தது?

அச்சான வண்ணப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படம் முழுக்கப் பொடிப் பொடியான வண்ணப் புள்ளிகள் தெரியும். ஆஃப்செட் இயந்திரத்தால் வெளிர்நீல மையைத் தனியாகப் பூச முடியாது. அதே மையைச் சின்னப் புள்ளிகளாக வைத்து, இடையில் வெள்ளைத் தாளை விட்டு, வெளிர்நீலம் என்று கண்ணை நம்பவைக்கிறது. ஆர்ட் பேப்பரில் ஓர் அங்குலத்துக்குள் இப்படி 150 முதல் 175 வரிசைப் புள்ளிகள் வரும். தாள் சொரசொரப்பாக ஆக, இந்த எண்ணிக்கை குறையும். செய்தித்தாளில் 100ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பிக்சல் இருந்தால் நுணுக்கம் கெடாது என்பது தொழிலில் நிலைத்துவிட்ட கணக்கு. 150ஐ இரட்டித்தால் 300. அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்பது இதனால்தான்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபைலைத் திறந்தால் '72' என்று காட்டுகிறது. உடனே ஃபோட்டோஷாப்பின் `Image Size` பெட்டியில் அதை 300 ஆக மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தப் பெட்டியில் `Resample` என்ற கட்டம் தேர்வாகியிருந்தால், மென்பொருள் இல்லாத பிக்சல்களைத் தானாகக் கற்பனை செய்து நிரப்பும். படம் பெரிதாகும், ஆனால் இறகின் இழைகள் புதிதாக முளைத்துவிடாது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு 300 என்று போட்டுப் பாருங்கள். அப்போது காட்டும் அகல உயரம்தான் அந்தப் படத்தின் உண்மையான அச்சுத் தகுதி. நம் மீன்கொத்திக்கு அது 20 அங்குலத்துக்கு 13.3 அங்குலம். 16 அங்குல அகலமுள்ள இரட்டைப் பக்கத்துக்கு இது தாராளம்.

அதே படத்தை நண்பர் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பியிருந்தால் கதை வேறு. வழக்கமான அனுப்புதலில் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 300 கணக்கில் பார்த்தால் அது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். கால் பக்கப் படத்துக்குப் போதும், முழுப் பக்கத்துக்குப் போதாது. கைப்பேசியிலிருந்துதான் வர வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூல ஃபைல் அப்படியே வரும். கையால் வரைந்த ஓவியமானால் ஸ்கேன் செய்யும்போதே அச்சு அளவை யோசிக்க வேண்டும். வரைந்த அளவிலேயே அச்சிடுவதற்கு 300 போதும். இரு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600இல் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கத்தியும் நடுமடிப்பும்

பெரிய தாள்களில் அச்சாகி, மடிக்கப்பட்டு, கட்டாகச் சேர்த்த பிறகுதான் புத்தகத்தின் மூன்று ஓரங்களையும் கட்டிங் இயந்திரம் வெட்டுகிறது. மடிப்பில் தாள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வெட்டும்போது இன்னும் கொஞ்சம் நகரும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், பக்க ஓரத்தோடு சரியாக நின்றுவிட்ட படத்தின் பக்கத்தில் வெள்ளைத் தாள் தெரிந்துவிடும். அதனால் ஓரம்வரை போகும் எந்தப் படத்தையும் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும். இதைத்தான் பிளீட் என்கிறார்கள். வெட்டி எறியப்படும் பகுதி அது. ஆனால் அது இல்லாமல் ஓரம் சுத்தமாக வராது.

நம் இரட்டைப் பக்கத்தின் அகலம் 406 மில்லிமீட்டர், உயரம் 254. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 412க்கு 260. கேமராப் படம் இதைவிடக் கொஞ்சம் உயரமான வடிவம் என்பதால், முழு அகலத்தையும் வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகச் சுமார் 220 பிக்சலை வெட்டினால் பொருந்திவிடும். அப்போது அங்குலத்துக்கு ஏறத்தாழ 370 பிக்சல் கிடைக்கிறது. கணக்குப்படி எல்லாம் சரி.

ஆனால் மீன்கொத்தி படத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரட்டைப் பக்கத்தில் நடு என்பது பைண்டிங். பசை வைத்து ஒட்டிய புத்தகம் முழுவதுமாக விரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் வரை மடிப்புக்குள் மறையும். அலகு இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம் என்று பறவை இரண்டாகிவிடும். எனவே பறவையை வலப் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். அதற்கு ஒரே வழி, படத்தின் வலது ஓரத்தை வெட்டுவது.

இடது ஓரத்திலிருந்து 4400 பிக்சலை மட்டும் வைத்துக்கொள்வோம். நடுவில், அதாவது 3000ஆவது பிக்சலில் இருந்த பறவை இப்போது இரட்டைப் பக்க அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி வருகிறது. நடுமடிப்பிலிருந்து ஏழரை சென்டிமீட்டர் தூரம். பறவை படத்தில் 1000 பிக்சல் அகலம் என்றால் அச்சில் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அதன் இடது ஓரத்துக்கும் மடிப்புக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் மிஞ்சும். இதற்குக் கொடுக்கும் விலை, அங்குலத்துக்கு 370 பிக்சல் என்பது 270 ஆகக் குறைவது. 300க்குக் கீழே போனாலும், பின்னணி மங்கலான பறவைப் படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 200க்குக் கீழே போனால் தெரியத் தொடங்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் படத்தின் மேல் கிளிக் செய்து, `Links` பலகத்தில் `Effective PPI` என்ற எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் வைத்த அளவில் உண்மையாக எத்தனை பிக்சல் இருக்கிறது என்று அது சொல்லும்.

பிளீட் ஓரத்துக்கு வெளியே என்றால், உள்ளேயும் ஓர் எல்லை உண்டு. படக்குறிப்பு, பக்க எண், பறவையின் வால் நுனி போல வெட்டுப்படக் கூடாதவை எதுவும் வெட்டுக்கோட்டுக்கு 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது.

நீலம் எங்கே போனது?

திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். இது ஆர்.ஜி.பி. அச்சு மையால் வண்ணம் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இது சி.எம்.ஒய்.கே. ஒளியால் காட்ட முடிந்த எல்லா வண்ணங்களையும் மையால் காட்ட முடியாது. மீன்கொத்தி முதுகின் மின்னும் நீலம், கிளிப்பச்சை, பட்டுச்சேலையின் பளீர் இளஞ்சிவப்பு ஆகியவை முதலில் அடிபடும். இந்த நீலம் மங்கும். இன்னும் அடர்ந்த நீலமானால் ஊதாவாகத் திரும்பும்.

மாற்றிய பிறகு அதிர்ச்சி அடைவதைவிட, மாற்றும் முன்பே பார்த்துவிடலாம். ஃபோட்டோஷாப்பில் `View > Proof Setup > Custom` போய், அச்சகம் சொன்ன கலர் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, `Ctrl+Y` அழுத்துங்கள். அச்சில் வரப்போவதை ஏறக்குறைய திரை காட்டும். `Shift+Ctrl+Y` அழுத்தினால், மைக்கு எட்டாத வண்ணங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் மூடப்படும். மீன்கொத்தியின் முதுகு முழுவதும் சாம்பலாகும் வாய்ப்பு அதிகம்.

அப்போது நீலத்தின் அடர்த்தியை மேலும் ஏற்றக் கூடாது; மை ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. செய்ய வேண்டியவை இரண்டு. சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றிய பின், முதுகுப் பகுதியில் கலந்திருக்கும் மஞ்சளையும் கறுப்பையும் குறைத்தால் நீலம் தெளியும். ஊதாவாகத் தெரியும் இடத்தில் மெஜந்தா, சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். அடுத்தது, சுற்றியிருக்கும் இலைகளின் பச்சையைக் கொஞ்சம் அடக்குவது. பக்கத்து வண்ணம் அடங்கினால் நீலம் தூக்கலாகத் தெரியும்.

புரொஃபைல் என்று அச்சகம் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. நான்கு மையும் முழுதாக விழுந்தால் மொத்தம் 400 விழுக்காடு. ஆர்ட் பேப்பர் தாங்குவது சுமார் 300 முதல் 330 விழுக்காடு. அதைத் தாண்டினால் மை காயாது; அடுக்கிய தாள்களில் மேல் தாளின் பின்பக்கத்தில் ஒட்டும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பெருத்து, கிளைகளின் நிழல்கள் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். சரியான புரொஃபைலில் மாற்றினால் இந்த எல்லைக்குள் மென்பொருளே மையை அடக்கிக்கொள்ளும். தாள் மாறினால் புரொஃபைலும் மாற வேண்டும்.

படக்குறிப்பின் எழுத்துகள் மட்டும் தனிக் கறுப்பில், அதாவது கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். நான்கு மையிலும் எழுத்து இருந்தால், பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும்.

அச்சகத்துக்குப் போகும் முன்

பக்கங்களைத் தொடங்கும் முன்பே அச்சகத்திடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தத் தாள், எந்தப் புரொஃபைல், எவ்வளவு பிளீட். பி.டி.எஃப். எடுக்கும்போது `Use Document Bleed Settings` என்ற கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். அதை மறந்தால் கவனமாக விட்ட 3 மில்லிமீட்டரும் ஃபைலில் இருக்காது. இரட்டைப் பக்கப் படங்கள் இருந்தாலும் ஒற்றைப் பக்கங்களாகவே கொடுங்கள். பக்கங்களை அடுக்குவது அச்சகத்தின் வேலை. புத்தகம் முழுவதற்கும் முடியாவிட்டாலும், சிக்கலான வண்ணமுள்ள இரண்டு மூன்று பக்கங்களுக்காவது புரூஃப் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பேசித் திரையோடு ஒப்பிடாதீர்கள்.

சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றியதை வேறு பெயரில் சேமித்து, ஆர்.ஜி.பி. மூலப்படத்தைப் பத்திரமாக வையுங்கள். மாற்றும்போது போன வண்ணம் திரும்பி வராது. அடுத்த பதிப்பு வேறு தாளில், வேறு அச்சகத்தில் வரலாம்.