பொருளின் உருவம் மாறாமல் பின்னணியை மாற்றுதல்

படத்திலிருந்து படம் என்பது, ஓர் ஒளிப்படத்தை மாதிரியாகக் கொடுத்து செயற்கை நுண்ணறிவால் புதிய படம் பெறும் முறை. Stable Diffusion மென்பொருளில் மாதிரிப் படம் எவ்வளவு கலைக்கப்பட்டு மீண்டும் வரையப்படும் என்பதை Denoising strength என்னும் எண் (0 முதல் 1 வரை) தீர்மானிக்கிறது.

மேசைமேல் எடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் படத்தைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றுவதாகக் கொள்வோம். எண் 0.3 என்றால் விளக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும், மேசையும் போகாது. 0.8 என்றால் மண்டபம் வரும். ஆனால் ஐந்து முகம் ஆறாகலாம், உச்சியிலுள்ள அன்னம் மயிலாகலாம். படம் பார்த்துப் பணம் கட்டியவருக்கு வருவதோ வேறு விளக்கு.

எனவே விளக்கின்மேல் மாஸ்க் வரைந்து, Inpaint not masked என்பதைத் தேர்ந்து, பின்னணியை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதும் பித்தளையில் பழைய அறையின் சன்னல் மின்னும். மண்டபத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே விளக்கொளி வைத்து மாதிரிப் படத்தை எடுத்தால் இது உறுத்தாது. முடிந்ததும் முகங்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.