எந்த ஐஎஸ்ஓ கோப்பை அழிக்கலாம்?

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவரின் ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தேன். ஒரே ஃபோல்டரில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஐஎஸ்ஓ கோப்புகள், மொத்தம் 140 ஜிபி. ஒரு சிடியிலோ டிவிடியிலோ இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒரே கோப்பாக வைத்திருப்பதுதான் ஐஎஸ்ஓ. விண்டோஸ், உபுண்டு, பிரிண்டர் டிரைவர், பழைய மென்பொருள்கள் என்று பதினைந்து ஆண்டுச் சேமிப்பு. "பெரிசா இருக்கறதை எல்லாம் அழிச்சிரலாமா சார்?" என்றார் நண்பர்.

அளவைப் பார்த்து முடிவு செய்தாலும் தவறும், வயதைப் பார்த்தாலும் தவறும். நான் ஒவ்வொரு கோப்பிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இது தொலைந்தால், இதே கோப்பை உருவாக்கியவரிடமிருந்தே மறுபடி பெற முடியுமா?

உபுண்டு கோப்புகளுக்கு உடனே பதில் கிடைத்தது. அதன் பழைய பதிப்புகளை எல்லாம் old-releases.ubuntu.com தளத்தில் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் அழித்தோம்.

விண்டோஸ் 10 நான்கு இருந்தன. win10new, win10final என்ற பெயர்களிலிருந்து எதுவும் தெரியவில்லை. கோப்பை இருமுறை சொடுக்கினால் அது ஒரு டிரைவாகத் திறக்கும். அந்த டிரைவின் எழுத்து E என்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இப்படிக் கேட்கலாம்:

```
dism /Get-WimInfo /WimFile:E:\sources\install.wim /Index:1
```

சில டிவிடிகளில் கடைசிப் பெயர் install.esd என்று இருக்கும். விடையில் 10.0.17763 என்று வந்தால் அது 2018-இல் வெளியான பதிப்பு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 22H2. பழைய மூன்றையும் நீக்கிவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டோம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டாலும், அச்சகத்தின் இரண்டு கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காதவை. "ஆக்டிவேட்டட்" என்று பெயரிட்ட விண்டோஸ் 7 ஒன்றும் இருந்தது. அதை யாரோ திருத்தியிருக்கிறார்கள், உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று அறிய வழியில்லை. அப்படிப்பட்டதைத் தேவை இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவையும் அழித்த பிறகு மூலையில் இரண்டு சிறிய கோப்புகள் மிஞ்சின. இரண்டும் சேர்ந்து ஒரு ஜிபிகூட இல்லை. ஒன்று பேஜ்மேக்கர் 7. மற்றொன்று, அதில் தமிழ் அச்சுக்கோக்க நண்பர் விலைக்கு வாங்கிய எழுத்துருச் சிடி.

அவரிடம் இருபது ஆண்டுகளாகச் செய்த புத்தகங்கள் .p65, .pmd கோப்புகளாகக் கிடக்கின்றன. இவற்றை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடிந்தது. அதற்குப் பின் வந்த இன்டிசைன்களில் அந்த வசதி இல்லை. பேஜ்மேக்கரையே நிறுவித் திறந்தாலும் எழுத்துரு இல்லாவிட்டால் பயனில்லை. யூனிகோடுக்கு முந்தைய பல எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு போனால் ஒரு நாவல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

ஆகவே இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. கோப்பு திறக்கிறது, பெயர்ப் பட்டியல் வருகிறது என்பதை வைத்து அது நன்றாக இருப்பதாக நம்பிவிட முடியாது. சிடியில் கீறல் விழுந்த பகுதியைப் படிக்க முடியாதபோது, அந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு மேலே போகும் நகல் மென்பொருள்கள் உண்டு. நிறுவிப் பார்த்தால்தான் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி வைத்து நிறுவினோம். பேஜ்மேக்கர் ஓடியது. எழுத்துருவில் இரண்டு கோப்புகள் கெட்டிருந்தன. நல்ல வேளையாகப் பழைய சிடி அலமாரியில் இருந்தது. அதைத் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டு மறுபடி நகலெடுத்தோம். அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த சீரியல் எண்ணையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் வைத்தோம். அந்த எண் இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

நல்ல நகல் கிடைத்ததும் அதன் அடையாள எண்ணைக் குறித்துவைத்தோம்:

```
certutil -hashfile fonts.iso SHA256
```

இது கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்து ஒரு நீண்ட எண்ணைத் தரும். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கும்போது அதே எண் வந்தால் கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை. வேறு எண் வந்தால் இன்னொரு டிஸ்க்கில் வைத்த பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய தமிழ் எழுத்துருச் சிடி உங்கள் வீட்டிலோ அச்சகத்திலோ இருந்தால், அது படிக்கும் நிலையில் இருக்கும்போதே நகலெடுத்து, நிறுவிப் பார்த்து வையுங்கள்.